கிளிக் விழாத தேடலில் வலைப்பூவுக்கு என்ன கிடைக்கும்?



இந்த அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சொந்தமாக ஒரு வலைப்பூ நடத்துகிறவர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். சமையல், விவசாயம், சட்டம், வருமான வரி, கோயில் வரலாறு என்று துறைகள் வேறு வேறு. ஆனால் உள்ளே வரும்போதே என் காதில் விழுந்த முறையீடு ஒன்றுதான். "கூகுளில் என் பக்கம் முதல் வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் யாரும் உள்ளே வருவதில்லை." அந்த ஒரு முறையீட்டைப் பற்றி மட்டும்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒருவர் தேடுகிறார், விடை தேடல் பக்கத்தின் மேலேயே கிடைத்துவிடுகிறது, எந்த இணைப்பையும் தொடாமல் போய்விடுகிறார். இதைத்தான் 'ஜீரோ கிளிக்' தேடல் என்கிறோம். இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. 2012-இல் கூகுள் தன் அறிவுப் பெட்டியை வலப்பக்கம் வைத்தது. 2014 வாக்கில் ஏதோ ஒரு தளத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து, எல்லா முடிவுகளுக்கும் மேலே கட்டம் கட்டிக் காட்டத் தொடங்கியது. 2024 மே மாதம் அமெரிக்காவில் 'ஏஐ ஓவர்வியூ' என்ற சுருக்க விடை வந்தது. பல தளங்களில் இருப்பதைச் சேர்த்து அது ஒரே விடையாக எழுதித் தருகிறது. அதே ஆண்டிலேயே இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

எவ்வளவு பேர் கிளிக் செய்யாமல் போகிறார்கள்? ஸ்பார்க்டோரோ நிறுவனத்தின் ராண்ட் ஃபிஷ்கின் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவில் நடக்கும் கூகுள் தேடல்களில் 58.5 சதவீதம் கிளிக் இல்லாமலே முடிகின்றன என்றது அது. ஆயிரம் தேடல் நடந்தால், கூகுளுக்குச் சொந்தமில்லாத வெளித் தளங்களுக்குப் போகும் கிளிக் சுமார் 360. பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் தலைப்பாக்கின. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். அந்த 58.5 சதவீதத்தில் எல்லாரும் வேலை முடிந்து எழுந்து போனவர்கள் அல்ல. மொத்தத் தேடல்களில் சுமார் 37 சதவீதம்தான் அப்படி முடிந்தன. மீதமுள்ள சுமார் 21 சதவீதத்தில், அவர்கள் எதையும் தொடாமல் கேள்வியை மாற்றி மறுபடியும் தேடினார்கள். ஐந்தில் ஒரு தேடல்!

சிலர் எழுத்துப்பிழையைத் திருத்தியிருப்பார்கள், சிலர் சொல்லை மாற்றிப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஒரு பகுதியினர் முதல் விடையைப் படித்துவிட்டு, "சரி, அப்படியென்றால் என் விஷயத்தில் என்ன?" என்று அடுத்த கேள்விக்குப் போனவர்கள். முதல் கேள்வி இனி தேடல் பக்கத்துக்குச் சொந்தம். இரண்டாவது கேள்வி இன்னும் நமக்குச் சொந்தமாக இருக்க முடியும். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நிலம் வாங்குகிறவர்கள் தேடும் கேள்வி ஒன்று: "1 சென்ட் எத்தனை சதுர அடி?" இதற்கு விடை 435.6 சதுர அடி. ஏக்கருக்கு 100 சென்ட், ஆக 43,560 சதுர அடி. சென்னையில் புழங்கும் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் ஐந்தரை சென்ட். இந்த மூன்று வரியை வைத்துப் பக்கம் போட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு காலத்தில் அதற்கு நல்ல கூட்டம் வந்தது. இன்றைக்கு அந்தக் கேள்வியைத் தட்டினால் 435.6 என்ற எண் பெரிய எழுத்தில் மேலேயே வருகிறது. யார் எதற்கு உள்ளே வரவேண்டும்? வரவேண்டாம், வராததில் அவருக்கு நஷ்டமும் இல்லை. அதற்காகக் கூகுள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு முழுப் பக்கத்தை, நடுவே நான்கு விளம்பரத்தோடு படிக்க வைத்தது நாம் செய்த காரியம்.

இப்போது அதே ஆள் கையில் பட்டாவை எடுக்கிறார். பரப்பு என்ற தலைப்பின் கீழே 'ஹெக் - ஏர்' என்று போட்டு, 0 - 40.50 என்று இருக்கிறது. பத்திரத்தில் ஒரு ஏக்கர் என்று எழுதியிருக்கிறது. அவருக்குப் பகீர் என்கிறது. நாற்பதரை சென்ட்தான் பட்டாவில் ஏறியிருக்கிறது, பாதிக்கு மேல் போய்விட்டது என்று நினைக்கிறார். உண்மையில் ஒன்றும் போகவில்லை. 40.50 என்பது சென்ட் அல்ல, ஏர். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். 40.50-ஐ 2.471-ஆல் பெருக்கினால் 100.08 சென்ட். ஏறக்குறைய ஒரு ஏக்கர்தான். பத்திரம் ஏக்கர், சென்ட்டில் எழுதப்படுகிறது, யு.டி.ஆர். நில அளவைக்குப் பிறகு பட்டா ஹெக்டேர், ஏரில் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவு என்று எண்ணிப் பயந்து போகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இதற்கும் அப்பால் ஒரு நிலை உண்டு. பத்திரத்தில் 22 சென்ட், பட்டாவில் 0 - 08.50. பெருக்கினால் 21 சென்ட்தான் வருகிறது. ஒரு சென்ட் எங்கே போனது? உட்பிரிவு செய்யும்போது குறைந்ததா, சாலைக்கு எடுத்தார்களா, அளவையிலேயே பிழையா, அல்லது பத்திரம் எழுதியவர் அந்தக் காலத்தில் உத்தேசமாகப் போட்டதா? புலப்படத்தை எடுத்து, எல்லைக் கோடுகளின் நீளத்தை வைத்து, நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்பைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதிலும் பழைய படமாக இருந்தால் நீளம் மீட்டரில் இருக்காது, லிங்க்ஸில் இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுப்போகும். இந்தக் கேள்விக்கு மூன்று வரியில் விடை எழுத யாராலும் முடியாது. ஏனென்றால் விடையில் பாதி, கேட்பவரின் கையிலிருக்கும் காகிதத்தில் இருக்கிறது. தேடல் பக்கம் ஒரு பொது விடையைத் தரலாம். படித்தவர் அதோடு நிம்மதியாகத் தூங்கப்போக மாட்டார். படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் காட்டியவர் யாராவது இருக்கிறாரா என்றுதான் தேடுவார்.

முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி என்று நான் சொல்வது இதைத்தான். உங்கள் பக்கங்களில் எது எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம். கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலிலேயே பார்த்துவிடலாம். அதைத் திறந்து, செயல்திறன் அறிக்கையில் ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் வடிகட்டி, சென்ற ஆண்டின் மூன்று மாதத்தையும் இந்த ஆண்டின் அதே மூன்று மாதத்தையும் ஒப்பிடுங்கள். விளக்குவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு 'ஒரு சென்ட்' கேள்விக்கு உங்கள் பக்கம் 12,000 முறை காட்டப்பட்டது, 960 கிளிக் விழுந்தது, சராசரி இடம் 2. இந்த ஆண்டும் 12,000 முறை காட்டப்பட்டது, இடமும் 2தான், ஆனால் கிளிக் 180. இப்படி இருந்தால் வியாதி தெளிவு. காட்டப்பட்ட எண்ணிக்கையும் குறையவில்லை, இடமும் இறங்கவில்லை, கிளிக் மட்டும் கரைந்திருக்கிறது. விடையை மேலேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இடம் 2-லிருந்து 9-க்குப் போயிருந்தால் கதை வேறு. உங்களைவிட நல்ல பக்கம் வந்திருக்கிறது, அல்லது உங்கள் தளத்தின் மீது கூகுளுக்கு நம்பிக்கை குறைந்திருக்கிறது. இடம் அப்படியே இருந்து, காட்டப்பட்ட எண்ணிக்கை மட்டும் பாதியானால் அந்தக் கேள்வியைத் தேடுவோரே குறைந்துவிட்டார்கள் என்று பொருள். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எல்லாவற்றுக்கும் ஏஐ மேல் பழி போடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நோய் தவறாகப் பிடிபட்டால் மருந்தும் தவறாகத்தான் இருக்கும்.

ஒப்பிடும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, 2025 செப்டம்பர். ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டச் சொல்லும் `num=100` என்ற வசதியைக் கூகுள் அப்போது நிறுத்தியது. தர வரிசையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் இந்த வசதியைப் பயன்படுத்தி நூறாவது இடம்வரை தோண்டிக்கொண்டிருந்தன. அதில் உங்கள் பக்கமும் 'காட்டப்பட்டதாக' கணக்கில் ஏறியது. அது நின்றதும் பல தளங்களில் காட்டப்பட்ட எண்ணிக்கை சட்டென்று விழுந்தது, சராசரி இடம் உயர்ந்தது. மனிதர்கள் யாரும் குறையவில்லை. பாதிப்பு பெரும்பாலும் கணினித் தேடலில்தான். ஆகவே அந்த மாதத்தைத் தாண்டி ஒப்பிடுவதானால் சாதனம் என்ற வடிகட்டியில் மொபைலை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இரண்டாவது இடறல் இதைவிடக் கவனிக்க வேண்டியது. சில டஜன் பேருக்கு மேல் தேடாத சொற்றொடர்களைத் தனியுரிமை கருதிக் கூகுள் பட்டியலில் காட்டுவதில்லை. பட்டாவையும் பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர் நீளமாகத் தட்டுவார், தன் போக்கில் தட்டுவார். ஒருவர் தமிழ் எழுத்தில், ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒருவர் இரண்டையும் கலந்து. அதனால் நமக்கு வேண்டிய இரண்டாவது கேள்விகள்தான் பட்டியலில் மறைந்துபோகின்றன! மறைந்தது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பக்கத்தின் மொத்த கிளிக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 என்று வையுங்கள். கீழே கேள்விப் பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டுங்கள்; 320 வருகிறது. மீதி 180 பெயர் தெரியாத கேள்விகளிலிருந்து வந்தவை. இந்த இடைவெளி பெரிதாக இருக்கும் பக்கம் உயிருள்ள பக்கம். பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு அதை அழித்துவிடாதீர்கள்.

தெரிகிற கேள்விகளைப் பிரிக்க, கேள்வி வடிகட்டியில் ரெகெக்ஸ் என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து இப்படிப் போடலாம்.

```
எத்தனை|எவ்வளவு|என்றால் என்ன|ethanai|evvalavu
```

இது முதல் கேள்விகளைப் பிடிக்கும். இரண்டாவதற்கு:

```
குறைவாக|வித்தியாசம்|தவறாக|பட்டாவில்|kuraivaga|pattavil
```

ஒவ்வொரு துறைக்கும் சொற்கள் மாறும். உங்கள் வாசகர்கள் பின்னூட்டத்திலும் வாட்ஸ்அப்பிலும் எந்தச் சொல்லில் கேட்கிறார்களோ அந்தச் சொல்லைப் போடுங்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகள்தான் பட்டியலில் மறைந்த கேள்விகளின் முகம்.

சரி, விடையை ஒளித்துவைத்தால் என்ன? "என் விடையை எடுத்துப் போடாதே" என்று சொல்லிவிட்டால் ஆட்கள் உள்ளே வந்துதானே ஆகவேண்டும்? கேட்கிறவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. இதற்கு நடந்த கதை ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் செலிப்ரிட்டி நெட் வொர்த் என்று ஒரு தளம். பிரையன் வார்னர் என்பவர் 2008-இல் தொடங்கியது. எந்த நடிகருக்கு எவ்வளவு சொத்து என்று ஆட்களை வைத்து ஆராய்ந்து எண்ணைப் போடுவார்கள். 2014-இல் கூகுள் அவரிடம் அந்தத் தரவை நேரடியாகக் கேட்டது. கொடுத்தால் தனக்கு என்ன மிச்சம் என்று அவர் மறுத்துவிட்டார். 2016-இல் அந்தத் தளத்தின் எண்கள் தேடல் பக்கத்தின் மேலே கட்டம் கட்டி வரத் தொடங்கின. தன்னிடமிருந்துதான் எடுக்கிறார்களா என்று பார்க்க, இல்லாத சில பிரபலங்களை அவர் இட்டுக்கட்டித் தன் தளத்தில் போட்டார். அவர்களின் சொத்து மதிப்பும் மேலே வந்து நின்றது. 2016 ஜனவரிக்கும் 2017 ஜனவரிக்கும் இடையே தளத்தின் வருகை 65 சதவீதம் விழுந்தது. 2017-இல் தி அவுட்லைன் இதழில் இது விரிவாக வெளிவந்தது.

அவருக்கு நேர்ந்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். உழைப்பு அவருடையது, பலன் இன்னொருவருக்கு. ஆனால் நாம் அதில் பார்க்க வேண்டியது அவர் பக்கத்தின் அமைப்பை. வந்தவருக்குத் தேவை ஓர் எண். எண் கிடைத்ததும் கேட்க வேறு கேள்வி இல்லை. முதல் கேள்வியோடு முடிந்துவிடும் பொருளின் மேல் கட்டிய தளம் அது. அவர் கொடுத்தாலும் மறுத்தாலும் அந்த எண் மேலே போயே தீர்ந்திருக்கும்.

இன்றைக்குத் தடுக்கும் கருவிகள் கையில் இருக்கின்றன. ஐரோப்பாவில் பதிப்புரிமைச் சட்டம் மாறியபோது, 2019-இல் கூகுள் அவற்றில் சிலவற்றைக் கொண்டுவந்தது. பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் மேற்கோளாகக் காட்டாமல் தடுக்க இப்படி எழுதலாம்.

```
<span data-nosnippet>இந்த வரியைக் காட்டாதே</span>
```

முழுப் பக்கத்துக்கும் எழுத்து எண்ணிக்கையில் வரம்பு கட்ட:

```
<meta name="robots" content="max-snippet:160">
```

`nosnippet` என்று போட்டுவிட்டால் கட்ட விடையிலும் ஏஐ சுருக்கத்திலும் உங்கள் எழுத்து வராது. ஆனால் சாதாரண முடிவில் உங்கள் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கமும் போய்விடும். மொட்டைத் தலைப்பை யார் தொடுவார்கள்? அதுவும் 435.6 என்ற எண்ணை நீங்கள் மறைத்தால் பக்கத்துத் தளம் கொடுக்கப்போகிறது. உலகம் அறிந்த உண்மையை மறைப்பதில் உங்களுக்கு வரவு இல்லை, செலவு மட்டும்தான். ஏஐ பயிற்சிக்குத் தடை போடும் `Google-Extended` என்ற குறிப்பை robots.txt கோப்பில் சேர்த்துவிட்டுத் தேடல் சுருக்கமும் நின்றுவிடும் என்று சிலர் இருக்கிறார்கள். அது தேடலின் ஏஐ சுருக்கத்தைத் தடுக்காது. `data-nosnippet` எனக்குப் பயன்படுவது ஓர் இடத்தில்தான்: தனியாக எடுத்துக் காட்டினால் தவறான பொருள் தரும் வரி இருந்தால், அதற்கு மட்டும் போடுவேன். பிழையான கணக்கை எடுத்துக்காட்டி "இப்படிச் செய்யாதீர்கள்" என்று எழுதும்போது, அந்தப் பிழையான வரி மேலே போய் விடையாக உட்கார்ந்துவிடக் கூடாது.

இனி நம் பக்கத்தைத் திருத்தி எழுதுவோம். முதல் பத்தியை எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய பக்கம் இப்படித் தொடங்கும்: நிலம் மனிதனுக்கு எவ்வளவு முக்கியம், அளவைகள் எத்தனை வகை, நான்கு பத்தி கழித்து விடை. இதை நம்மில் பலர் வேண்டுமென்றே செய்தோம், வாசகரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க. இதை விட்டுவிடுங்கள். முதல் வரியிலேயே விடையைக் கொடுங்கள். அதே மூச்சில், அந்த விடை எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இப்படி:

"1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆனால் பட்டாவில் 0 - 40.50 என்று இருந்தால் அது 40.50 சென்ட் அல்ல, 40.50 ஏர், அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர். பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிடும் முன் ஏரை 2.471-ஆல் பெருக்கிச் சென்ட்டாக மாற்றவேண்டும்."

இந்தப் பத்தி மேலே கட்டத்தில் போனால் என்ன ஆகும்? எண் மட்டும் வேண்டியவர் வாங்கிக்கொண்டு போவார்; போகட்டும். பட்டா கையில் இருப்பவர் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார். தன் பட்டாவை எடுத்துப் பார்ப்பார். அவருக்கு ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்வியின் பக்கத்திலேயே உங்கள் இணைப்பு இருக்கும். பெட்டிக்கடை வாசலில் மாலைப் பத்திரிகையின் போஸ்டர் தொங்குமே, அது செய்தியை மறைப்பதில்லை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறது, அதனால்தான் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இது தந்திரம் அல்ல என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "முழு விவரம் உள்ளே" என்று பாதியில் நிறுத்துவது தந்திரம். அது எடுபடுவதும் இல்லை, ஏனென்றால் முழு விடை தரும் வேறு பத்தியைத்தான் கூகுள் எடுத்துக்கொள்ளும். நான் சொல்வது, விடையை இன்னும் சரியாகச் சொல்வது. பட்டா பற்றிய எச்சரிக்கை இல்லாத 435.6 பாதி விடைதான்.

கூகுள் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கழற்றிவிட்டால்? அப்படியும் நடக்கும். ஏஐ சுருக்கம் உங்கள் வாக்கியத்தை அப்படியே போடுவதும் இல்லை. தன் சொல்லில் மாற்றி எழுதும். பக்கத்தைத் திருத்திச் சர்ச் கன்சோலில் முகவரிச் சோதனை மூலம் மறுபடி படிக்கச் சொல்லிவிட்டு, சில நாள் கழித்துக் கைபேசியில் மறைநிலைச் சன்னலில் நீங்களே தேடிப் பாருங்கள். எச்சரிக்கை வரி வரவில்லையா, விடையையும் எச்சரிக்கையையும் ஒரே வாக்கியமாக இணைத்து எழுதிப் பாருங்கள். அப்போது ஒன்றை வெட்டி ஒன்றை எடுப்பது கடினம். இதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த வாரம் வேறொருவர் பக்கம் அங்கே இருக்கலாம்.

பத்திக்குக் கீழே பக்கத்தின் உடம்பு இருக்கிறது. அங்கே இரண்டாவது கேள்விக்கான முழு வேலையையும் செய்து காட்டுங்கள். பெயரையும் எண்ணையும் மறைத்த ஓர் உண்மையான பட்டாவின் படம். அதன் புலப்படம். எந்தக் கோட்டின் நீளத்தை எடுத்தீர்கள், எந்த முக்கோணத்துக்கு எவ்வளவு வந்தது, கூட்டினால் 0 - 08.50 வருகிறதா, வராவிட்டால் வித்தியாசம் எவ்வளவு. 22 சென்ட் பத்திரத்துக்கு 21 சென்ட் பட்டா என்றால் 435.6 சதுர அடி குறைகிறது. வாங்குகிறவர் சதுர அடி விலையில் அதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு, எந்த மாதிரிக் குறைவுக்கு நில அளவரை வைத்து மறு அளவை கேட்க வேண்டும், எதைப் பத்திரம் எழுதும் முன்பே விற்பவரிடம் பேசித் தீர்க்க வேண்டும் என்ற உங்கள் தீர்ப்பு. இது எண்ணற்ற தளங்களில் ஏற்கெனவே கிடக்கும் செய்தி அல்ல. நீங்கள் உட்கார்ந்து செய்தது. சுருக்கி எழுதினாலும் "எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்" என்ற தேவை தீராது.

இப்போது வரவு என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உங்கள் வருமானம் முழுவதும் விளம்பரப் பக்கப் பார்வையிலிருந்துதான், அதிலும் முதல் கேள்விக் கூட்டத்திலிருந்துதான் என்றால், போனது திரும்பி வராது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் 900 அமெரிக்கர்களின் தேடலைக் கவனித்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் சாதாரண முடிவை கிளிக் செய்தது 8 சதவீதம். வராத தேடல்களில் 15 சதவீதம். சுருக்கத்துக்குள் கொடுக்கப்பட்ட மூல இணைப்பைத் தொட்டது வெறும் 1 சதவீதம். "சுருக்கத்தில் என் பெயர் வந்துவிட்டது, இனிக் கூட்டம் வரும்" என்று யாராவது சொன்னால் இந்த ஒரு சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் எடுத்துக்காட்டுப் பக்கம் போல 12,000 முறை காட்டப்பட்டால், அத்தனை முறை உங்கள் பெயர் கண்ணில் பட வாய்ப்பிருக்கிறது. இதை வரவாக்க முதலில் அந்தப் பெயர் ஒழுங்காகத் தெரிய வேண்டும். பல தமிழ் வலைப்பூக்களின் பெயர் தேடல் முடிவில் வெறும் முகவரியாக, அதுவும் ஆங்கிலத்தில் ஒட்டிய எழுத்துகளாகத்தான் தெரிகிறது. முகப்புப் பக்கத்தில் தளத்தின் பெயரை இப்படி அறிவிக்கலாம். 'அளவுக்கல்' என்பது நான் வைத்த கற்பனைப் பெயர்.

```
<script type="application/ld+json">
{"@context":"https://schema.org","@type":"WebSite",
 "name":"அளவுக்கல்","url":"https://www.example.com/"}
</script>
```

கூகுள் இதைப் பெரும்பாலும் ஏற்கும்; தலைப்பிலும் பக்க மேற்பகுதியிலும் அதே பெயர் இருந்தால் ஏற்பது எளிது. பெயர் ஒன்றாகவே இருக்கட்டும். யூடியூபில் ஒன்று, வாட்ஸ்அப் சேனலில் ஒன்று, தளத்தில் ஒன்று என்று இருந்தால் பார்த்தவர் நினைவில் எதுவும் தங்காது.

பெயர் நினைவில் தங்கியதா என்பதற்குச் சாட்சி, ஆட்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது. "அளவுக்கல் பட்டா கணக்கு" என்று ஒருவர் தட்டினால், அவர் முன்பு எங்கோ உங்களைப் பார்த்தவர். அந்தத் தேடலில் விடைக் கட்டம் உங்களை முந்துவது அரிது. அவருக்கு வேண்டியது நீங்கள்தான். இதையும் சர்ச் கன்சோலில் அளக்கலாம்.

```
அளவுக்கல்|அளவு கல்|alavukkal|alavu kal|alavukal
```

மக்கள் எழுதும் எல்லாப் பிழைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர்த் தேடல் காட்டப்பட்ட எண்ணிக்கையை மாதாமாதம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மொத்த கிளிக் விழுந்துகொண்டிருக்கும்போது இந்த எண் ஏறினால், தேடல் பக்கம் உங்களுக்காக வேலை செய்கிறது. இரண்டும் விழுந்தால், நீங்கள் விடை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிறு வலைப்பூவுக்கு இந்த எண் மாதம் பத்து, இருபது என்றுதான் தொடங்கும். ஒரு மாத ஏற்ற இறக்கத்தை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். ஆறு மாதக் கோட்டைப் பாருங்கள்.

பெயர் சொல்லி வந்தவரை மறுபடி தேடலுக்கு அனுப்பாதீர்கள். இரண்டாவது கேள்விக்கான விளக்கம் முடியும் இடத்தில், பக்கத்தின் தலைப்பிலோ ஓரத்திலோ அல்ல, கணக்கு முடியும் அந்த இடத்தில், உங்கள் மின்னஞ்சல் பட்டியலையோ வாட்ஸ்அப் சேனலையோ வையுங்கள். அவர் பட்டாவைக் கணக்குப் போட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்கும் நேரம் அது. ஏரைச் சென்ட்டாக்கும் ஒரு பக்க அட்டவணையை அச்செடுக்கத் தக்கதாக அங்கே கொடுங்கள். தாளின் அடியில் உங்கள் பெயர் இருக்கட்டும். பத்திர எழுத்தர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால், அதற்கு எந்தத் தேடலும் தேவையில்லை.

எல்லாப் பக்கத்துக்கும் இதைச் செய்யவேண்டியதில்லை. இரண்டாவது கேள்வியே எழாத பக்கங்கள் இருக்கும். விடுமுறை நாள் பட்டியல், ஒரு நடிகரின் வயது, ஓர் ஊரின் பின்கோடு. அவற்றைத் திருத்த நேரம் செலவிடாதீர்கள், புதிதாக எழுதவும் வேண்டாம். ஒரே பொருளில் சென்ட்டுக்கு ஒன்று, ஏக்கருக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று என்று ஐந்து சிறு பக்கங்கள் இருந்தால், அவற்றை ஒன்றாக்கி, பழைய முகவரிகளைப் புதியதற்குத் திருப்பிவிட்டு, அந்த ஒன்றில் மேலே சொன்ன உடம்பைக் கட்டுங்கள்.

தொடங்கும் முன் ஒரு காரியம். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும். அதற்கு முந்தையது போய்விடும். விடைக் கட்டம் வருவதற்கு முன்பு உங்கள் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி ஒவ்வொரு நாளும் ஒரு நாள் குறைந்துகொண்டிருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் முழு 16 மாதத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கங்களையும் கேள்விகளையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்றுமதியில் ஆயிரம் வரிதான் வரும். ஆகவே பெரிய தளமாக இருந்தால் பிரிவு பிரிவாக வடிகட்டி எடுங்கள். பிறகு, அதிகம் காட்டப்பட்டு அதிகம் கிளிக் இழந்த ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, அதன் முதல் பத்தியைத் திருத்துங்கள்.